மூன்று நிமிட ஜெய்னுலாப்தீன்

துபாய் சத்வாவில் நான் தைக்கிற கடையில் துணி வெட்டுகிறவர் ஜெய்னுலாப்தீன் காக்கா. கீழக்கரைக்காரர், ஐம்பது தாண்டியவர். அல்லாஹ் அவர் கையில் நல்ல தொழிலைக் கொடுத்திருக்கிறான். துணியில் ஒரு விரற்கடைகூட வீணாக்க மாட்டார். பேச்சில்தான் அந்தச் சிக்கனம் கிடையாது.

எங்கள் ஊர்ச் சங்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு, ஓர் ஓட்டல் மாடியில் கூடும். விருந்தாளி ஒருவர் வந்து நல்லது நாலு சொல்வார். பொழுது சாய்ந்ததும் ஒலிக்கும் மக்ரிபு பாங்குக்கு முன் முடித்துவிட வேண்டும். விருந்தாளியை அறிமுகம் செய்வது காக்காவின் வேலை. அதில் அவருக்கு உயிர். வாரம் முழுக்க மேஜைமேல் குனிந்து கிடக்கிற மனிதர் நிமிர்ந்து நிற்பது அந்த மைக்குக்கு முன்னால்தான்.

ஆனால் நின்றால் நகர மாட்டார். முன்வரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் ஓர் ‘அவர்களே’ போடுவார். விருந்தாளி பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், அவருடைய வாப்பாவின் குணம் எல்லாம் வரும். அழைத்த பிறகும் மைக்கை விடாமல் பக்கத்திலேயே நின்று தலையாட்டுவார். போன மாதம் வந்தவருக்கு மிஞ்சியது பத்து நிமிடம். பாவம், சலாம் சொல்லி, துஆ கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சங்கத் தலைவர் முகம்மது சித்தீக் ஹாஜியார் அன்றைக்கே சொல்லிவிட்டார். “காக்கா, அடுத்த தடவ மூணே நிமிஷம். தாண்டுச்சுன்னா கலாஸ், மைக்க மொபைல் கடை உஸைர்ட்ட கொடுத்துருவேன்.”

காக்காவுக்கு அந்த மாதம் சோறு இறங்கவில்லை. ஊரிலிருக்கும் மனைவி ஜுலைஹா பீவியிடம் போனில் புலம்பினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கடைக்கே கேட்டது.

“மூணு நிமிஷமா? ஒங்களுக்கு இருமவே அவ்வளவு நேரம் வேணுமே!” என்றார் ஜுலைஹா லாத்தா.

“சிரிக்காத புள்ள. மைக்கு கைய விட்டுப் போயிரும் போல.”

இந்த முறை விருந்தாளி பிருந்தா சிஸ்டர், பர் துபாய் கிளினிக் ஒன்றில் நர்ஸ். சர்க்கரை நோயைப் பற்றிப் பேச இருந்தார். காக்கா அவருக்கே போன் போட்டு, பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், வேலையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு துணி வெட்ட மாதிரி வரைகிற தாளில் எழுதினார். எழுதியது மேஜை நீளம் வந்தது. தினமும் கொஞ்சம் அடித்தார். நான் போனில் நேரம் பார்ப்பேன்.

“எட்டு நிமிஷம், காக்கா.”

“அந்த ‘அவர்களே’ எல்லாத்தயும் ‘பெரியோர்களே’ன்னு ஒண்ணா கட்டிட்டா?”

“அஞ்சு. ஆனா இனிப்ப விடுறது எப்படின்னு நீங்களே சொல்லிட்டீங்களே. அப்ப சிஸ்டர் என்னத்த பேசுவாங்க?”

முறைத்துவிட்டு அதையும் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காக்கா மைக்கைப் பிடித்தார். தாளைப் பார்க்கவே இல்லை.

“அஸ்ஸலாமு அலைக்கும். பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஆளுங்க பலபேருக்குச் சர்க்கரை இருக்கு, அது தெரியாமயே வேலைக்குப் போறோம். பதினாலு வருஷமா இந்த நோயாளிகள இங்க கவனிக்கிறவங்க நம்ம விருந்தாளி. அவங்க பொறுமைய எங்க கடையில ரெண்டு பேர் நேர்லயே கண்டிருக்காங்க. சிஸ்டர் பிருந்தா அவர்களே, வாங்க.”

மைக்கைக் கொடுத்தார். விலகினார். ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒன்றே கால் நிமிடம்.

மாஷா அல்லாஹ் என்று திரும்பிப் பார்த்தால், மாடியில் மொத்தமே ஒன்பது பேர். காக்கா பேசுகிற நேரத்தில் கீழே போய் டீயும் சமோசாவும் முடிப்பது எங்கள் ஆட்களுக்கு வழக்கமாகியிருந்தது. தலைவரே கீழேதான் இருந்தார்.

உஸைர் பதறி ஓடிவந்தான். “காக்கா, ஆளே மாஃபி, ஒருத்தரயும் காணோம்! எந்திரிச்சு இன்னும் ரெண்டு வார்த்த பேசுங்க!”

காக்காவின் வாய் துடித்ததை நான் கண்டேன். எந்த மனிதருக்கு இப்படி ஒரு சோதனை வரும்!

“என் வேல முடிஞ்சுது, தம்பி. இப்ப மைக் அவங்களுது” என்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

பிருந்தா சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஒன்பது பேருக்கும் பேசத் தொடங்கினார். குரல் கீழே கேட்டதும் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லார் கையிலும் டீ. கடைசியாக ஹாஜியார், ஒரு கையில் டீ, மறு கையில் கடித்த சமோசா.

“வாங்க அண்ணே, அந்த டீயில எத்தன ஸ்பூன் சர்க்கர?” என்றார் சிஸ்டர் மைக்கிலேயே.

கூட்டம் சிரித்தது. ஹாஜியார் சமோசாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. கேள்வி கேட்கக்கூட நேரம் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

தொழுகை முடிந்து செருப்புப் போடும்போது ஹாஜியார் வந்தார். “ஏன் காக்கா, இவ்வளவு சுருக்குனா எப்படி? ஒரு அஞ்சு நிமிஷமாவது பேசக் கூடாதா?”

“மைக் உஸைருக்கா, எனக்கா? அத சொல்லுங்க மொதல்ல.”

“ஒங்களுக்குத்தான், போங்க. இனிமே டீ கடைசியிலதான்.”

“அப்ப மூணு நிமிஷம் போதும்” என்றார் காக்கா. அதை எனக்கு விளக்கிச் சொல்ல, கடை வரும்வரை அவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று.