சில்வண்டின் வரிசை

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நான் சொல்லத்தான் போகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறோம். சமையலும் தரை துடைப்பதும் என் பொறுப்பு. மூன்று வயதுக் குழந்தைகளின் அறை அண்ணியுடையது. குழந்தை வளர்ப்புக்கென்று தனியாகப் படித்துவிட்டு வந்தவள். அண்ணன் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, "பிள்ளைகளோட விளையாடறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டவள் நான்தான். இன்று என் முன்னால் யாராவது அப்படிக் கேட்டால் கரண்டி பேசும்.

அந்த அறையில் ஒரு பெண் குழந்தை உண்டு. கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் சில்வண்டு என்று நான் பேர் வைத்தேன். காலையில் வந்ததும் வராததுமாக மர பொம்மைகளை எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் அடுக்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். கதவுப் பக்கம் யானை, அடுத்து மாடு, வாத்து, குதிரை, கால் உடைந்த சிங்கம், கடைசியில் ஒரு பாட்டில் மூடி. பாட்டில் மூடிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். பிறகு காது நமக்குச் சொந்தமில்லை.

ஒருநாள் பீமன் வாத்தை எடுத்துவிட்டான். பீமன் என்றால் அந்த அறையிலேயே கொழுக்கு மொழுக்கென்று இருக்கும் பையன், வஞ்சகமில்லாத பிள்ளை. சில்வண்டு அவன் கையைக் கடித்துவிட்டது. சாயங்காலம் பல் தடத்தைப் பார்த்த பீமனின் அம்மா, மேலாளர் அறைக்குள் புயலாக நுழைந்தாள்.

"ஒண்ணு அந்தப் பொண்ணு இருக்கணும், இல்ல என் பையன் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க!"

மேலாளரம்மா நல்லவர்தான். ஆனாலும் கடி கடிதானே. இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், மறுபடி கடித்தால் வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்.

சில்வண்டின் அம்மா ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். வீட்டில் குழந்தையைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. காப்பகம் கைவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். சமையலறை வாசலில் நின்று அழுதுவிட்டாள்.

"எல்லாரும் ஆட்டிசமான்னு கேக்கறாங்க டீச்சர். அப்படியா இருக்கும்?"

அண்ணி அவளை உட்கார வைத்தாள். "வரிசைய மட்டும் வச்சு யாராலயும் அப்படிச் சொல்ல முடியாதும்மா. இந்த வயசுல நிறைய பிள்ளைங்க அடுக்கும். கூப்பிட்டா திரும்புதா, விரல் நீட்டிக் காட்டுதா, பொம்மைக்குச் சோறு ஊட்டி விளையாடுதா, பேச்சு வளருதா, எல்லாத்தையும் சேத்துத்தான் பாப்பாங்க. இவ இதெல்லாம் செய்யறா. மனசு கேக்கலன்னா டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்க, தப்பே இல்ல. எதுவா இருந்தாலும் வரிசையக் கலைக்கறது மருந்தாகாது."

"அப்புறம் ஏன் டீச்சர் இவ்ளோ ஆங்காரம்?"

"நாள் முழுக்க நாம சொல்றபடிதான அதுக்கு நடக்குது? எழுந்திரு, சாப்பிடு, தூங்கு. அந்த வரிசை ஒண்ணுதான் அது சொன்னபடி நிக்குது. யானைக்கு அடுத்து மாடுன்னு அதுக்குத் தெரியும், அதுல ஒரு நிம்மதி. மொத்த வரிசையும் அதுக்கு ஒரே பொருள். வாத்த எடுத்தா வாத்து மட்டும் போகல, எல்லாமே போச்சு. வச்சிடுடான்னு சட்டுனு சொல்ல வாய் வரல. கோபத்த அடக்கவும் இன்னும் தெரியல. பல்லு மட்டும் முளைச்சிடுச்சு."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் அண்ணி சுவரோரம் தரையில் நீல நாடா ஒட்டினாள். அதற்குள் இருப்பது சில்வண்டுடையது, கேட்காமல் யாரும் தொடக்கூடாது. மற்ற குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"துடைக்கறப்ப அந்த இடத்த விட்டுடு."

"ஏன் அண்ணி, அழுக்கு மட்டும் வரிசையில நிக்கட்டுமா?"

"சாயங்காலம் அவளே எடுத்துக் கூடையில போடுவா. அப்புறம் துடைடி."

முணுமுணுத்துக்கொண்டேதான் கேட்டேன்.

மாத நடுவில் ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து வரிசை நனைந்துவிட்டது. குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். மேலாளரம்மா உதவி செய்வதாக நினைத்து அறைப் பக்கமிருந்து வரிசையை போனில் படம் எடுத்துக்கொண்டு, பொம்மைகளைத் துடைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடுக்கினார். நடுவில் பாய்கள் கிடந்ததால், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டுதான் அடுக்க முடிந்தது.

சில்வண்டு எழுந்தது, பார்த்தது, அவ்வளவுதான். கூரை பறந்தது.

"எல்லாம் அதே மாதிரிதான இருக்கு? படம் பாரு, யானை, மாடு, வாத்து..." மேலாளரம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் பீமன் பாயைவிட்டு எழுந்து வேடிக்கை பார்க்க வந்தான். சில்வண்டு அவன் பக்கம் திரும்பியது. இன்னொரு கடி விழுந்தால் கதை முடிந்தது.

கை கழுவாமல் ஓடி வந்த அண்ணி, முதலில் பீமனைத் தன் இடுப்போடு அணைத்துத் தள்ளி நிறுத்தினாள். பிறகு சில்வண்டு வழக்கமாக உட்காரும் இடத்தில் தானும் உட்கார்ந்து வரிசையைப் பார்த்தாள். யானை கதவுப் பக்கம் இல்லை, ஜன்னல் பக்கம் நின்றது. சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவருக்கு இடது எதுவோ, அது குழந்தைக்கு வலது. வரிசை மொத்தமும் திரும்பிவிட்டிருந்தது.

அண்ணி தானாக எதையும் சரிசெய்யவில்லை. "மாறிப் போச்சு. நீ வச்ச மாதிரி இல்ல. கோவமா வருது, இல்ல?" என்றாள், மெல்ல. குழந்தை விம்மிக்கொண்டே அவளைப் பார்த்தது. அண்ணி யானையை எடுத்து நீட்டினாள். "எங்க நிக்கணும்?"

சில்வண்டு வாங்கிக் கதவுப் பக்கம் வைத்தது. அடுத்து மாடு. வாத்துக்கு வரும்போது அழுகை நின்றிருந்தது. பீமனை யாரும் கடிக்கவில்லை. மேலாளரம்மா பெருமூச்சு விட்டு, "இனிமே நான் உன்கிட்ட கேக்காம தொட மாட்டேன்" என்று சில்வண்டிடமே சொன்னார். அந்த அம்மாளை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதோடு அண்ணி விடவில்லை. தினம் ஒரு புது பொம்மையை நீட்டி, "இது எங்க நிக்கட்டும்?" என்று கேட்பாள். சில்வண்டு முதலில் வீசியெறிந்தது. சில நாள் போக, மூடிக்கு அப்பால் வைக்க விட்டது. பிறகு பீமனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழக்கினாள். பீமன் காத்திருப்பது என்ன லேசான காரியமா! சோற்றுக்குக்கூட அவன் காத்திருந்தது கிடையாது.

மேலாளரம்மா முடிவு சொல்லும் நாளில் பீமனின் அம்மா சீக்கிரமே வந்து அறை வாசலில் நின்றாள். எதிர்ச் சுவரோரம் சில்வண்டின் அம்மா, பையை மார்போடு அணைத்துக்கொண்டு. நான் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

பீமன் கையில் கரடி. நாடாவுக்கு வெளியே குந்தி, நீட்டினான். "எங்க?"

சில்வண்டு கரடியைப் பார்த்தது. வரிசையைப் பார்த்தது. பிறகு அது தானே கை நீட்டி, குதிரையையும் சிங்கத்தையும் மூடியையும் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்து, வாத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் உண்டாக்கியது. அந்த இடத்தைத் தட்டிக் காட்டி, "இங்க" என்றது.

பீமன் வைத்தான். கரடி சுவரைப் பார்த்து நின்றது. சில்வண்டு அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டது.

பீமனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலாளரம்மாவிடம், "அந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டுங்க" என்றாள். சில்வண்டின் அம்மா அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அண்ணியோ, ஒன்றுமே நடக்காதது போல, "நீங்க ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அடுப்பில் வைத்தது கருகினாலும் பரவாயில்லை என்று வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்: "எங்க அண்ணிங்க! எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு!"