சட்டைப் பையில் இருந்த பிளாப்பி

தொண்ணூறுகளில், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டேன். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய நிலை ‘பேக்’ என்று தனி ஃபைலாக நின்றுவிடும். அவை பெருகி டிஸ்க் நிரம்பியதும் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார் முதலாளி. அன்று மாலை மற்றவர்கள் கிளம்பியபின், எல்லோருடைய அந்த வாரத்து பேக்குகளை மட்டும் பிளாப்பியில் எடுத்துக்கொண்டு அழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பக்கத்து சீட் பெண் முகம் வெளுத்து நின்றாள். டிராயிங்கில் ஒரு பகுதியை மட்டும் பிரிண்ட் எடுப்பதற்காக மற்றதை நீக்கியவள், முந்தின நாள் அதை அப்படியே சேமித்துவிட்டுப் போயிருந்தாள்.

“பேக்ல முழுசா இருக்கும்ணா, பேரை மாத்தினா போதும். ஆனா ஒண்ணையும் காணோம்.”

என்னைவிட அவளுக்கு வேகம் அதிகம் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிளாப்பி என் சட்டைப் பையில் இருந்தது.

“சார்தான் அழிக்கச் சொன்னாரும்மா” என்றேன்.

முதலாளி அவளைத் திட்டிய திட்டில் மெஷின்காரர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று நாள் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி வரைந்து கொடுத்துவிட்டு, வேலையை விட்டாள். கிளம்பும்போது என்னிடம் வந்து, “நீங்க ஒருத்தர்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லலைண்ணா” என்றாள்.

அவள் பஸ் ஏறியதும் பிளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். அவளுடைய டிராயிங் ஒரு கோடு குறையாமல் இருந்தது.