இருநூற்றுப் பதின்மூன்று

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் பாதையில், உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே ஒரு வீட்டடி மனையை அளக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் உரிமம் பெற்ற தனியார் சர்வேயர். மனையில் இருந்தது கணவனை இழந்த ஒரு அம்மாவும் பாலிடெக்னிக் படிக்கும் மகளும். வடக்கும் கிழக்கும் கொழுந்தனாருடைய நிலம். வடகிழக்குக் கல்லைத் தள்ளி நட்டுவிட்டார்கள் என்பது அவர் புகார்.

அளந்தேன். அவர் சொன்னது நிஜம்தான். கல் வடக்கே 1.54 மீட்டர் நகர்ந்திருந்தது. நகர்த்தியது செத்துப்போன அண்ணன். அந்த இடத்தில்தான் அடுப்படி இருந்தது.

"எங்க அண்ணன் திருடன்னு இப்ப அளந்தே காட்டிட்டாக" என்றார் கொழுந்தனார், அந்த அம்மா காதில் விழும்படி.

அடுப்படியை இடிக்க வேண்டாம், ஈடாகக் கிழக்குப் பக்கம் அதே பரப்புக்கு இடம் கொடுத்தால் போதும் என்று ஊர்த் தலைவரான அம்பலம் பேசி முடித்தார். எவ்வளவு என்பதை என் அறிக்கை சொல்ல வேண்டும்.

கொழுந்தனாருக்குக் கம்ப்யூட்டர் கணக்கில் நம்பிக்கையில்லை. அதனால் சென்டிமீட்டர் பிசிறைச் சரிக்கட்டி, எல்லாவற்றையும் கையால் எழுதினேன். தென்மேற்குக் கல் ஒன்றாம் எண். அதிலிருந்து இரண்டாவதுக்கு 41 மீட்டர்: கிழக்கே 40, வடக்கே 9. அங்கிருந்து மூன்றாவதுக்கு 25: மேற்கே 7, வடக்கே 24. நான்காவதுக்கு 35: மேற்கே 28, தெற்கே 21. திரும்ப ஒன்றுக்கு 13: மேற்கே 5, தெற்கே 12. கிழக்கு 40, மேற்கு 40. வடக்கு 33, தெற்கு 33. சுற்று மூடிவிட்டது. பரப்பு 618 சதுர மீட்டர். பட்டாவில் 600. மிச்சம் 18. கிழக்கு வேலியை ஒட்டி ஒன்பது மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம்.

வேலியிலிருந்து இரண்டரை மீட்டர் உள்ளே அவர்களுடைய போர்வெல். தப்பித்தது. அந்த அம்மா நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்தேன்.

கையெழுத்துப் போட அந்த மனையிலேயே கூடினோம். மகள் அறிக்கையை வாங்கி, வரைபடத்தையும் கணக்கையும் மாறி மாறிப் பார்த்தது.

"பாத்துக்கம்மா. உங்க காலேஜ்ல சொல்லிக்குடுக்குற கணக்குத்தான். தப்பிருந்தா சொல்லு" என்றேன். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் அதிகம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அது முகம் சிவந்து, நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. கற்களின் இருப்பிடம்: (0,0), (40,9), (33,33), (5,12). குறுக்கே பெருக்கிக் கழித்தது. சட்டென்று எழுந்தது.

"சார், தப்பு இருக்கு! நாற்பது பெருக்கல் முப்பத்துமூணுல இருந்து முப்பத்துமூணு பெருக்கல் ஒம்பதைக் கழிச்சா 1023. அது சரி. அடுத்தது, முப்பத்துமூணு பெருக்கல் பன்னெண்டு 396. அஞ்சு பெருக்கல் முப்பத்துமூணு 165. கழிச்சா 231. நீங்க 213னு போட்டிருக்கீக!"

அதன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அளவையே தப்பென்று நிரூபித்துவிட்டதாக நினைத்துவிட்டது. கடைசிவரை கூட்டிப் பார்க்கவில்லை.

நான் கூட்டினேன். மற்ற இரண்டு கழித்தலும் பூஜ்யம். 1023-ம் 231-ம் 1254. அதில் பாதிதான் பரப்பு: 627. மிச்சம் 18 இல்லை, 27. கல் நகர்ந்த முக்கோணத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்திருந்தால் எனக்கே அன்றைக்கே தெரிந்திருக்கும். போடவில்லை.

பேசியது பதினெட்டுக்குத்தானே, அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அம்பலம் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். சொல்லவில்லை. என் அறிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

"பொண்ணு சொல்றது சரி. இருபத்தேழு" என்றேன்.

கொழுந்தனார் விரல்விட்டு எண்ணினார். "ஒம்பது நீளத்துக்கு மூணு அகலம். அப்ப போர் எங்குட்டு வருது சார்?"

"உங்க பக்கம்."

"தம்பி, தண்ணியை மட்டும் விட்டுருங்க" என்றது அந்த அம்மா.

"நானா மதினி கேட்டேன்? உங்க மக படிச்ச படிப்புல வந்த கணக்கு" என்றார் அவர். பிள்ளையைப் பார்த்து, "சித்தப்பாவுக்கு நல்ல உபகாரம் பண்ணுன" என்றார்.

அந்த அம்மா எழுந்துபோய் மகளை அறைந்தது. மறுபடியும் அறைந்தது. யாரும் தடுக்கவில்லை. நானும்தான். பிள்ளை அழவில்லை. நோட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து பெருக்க ஆரம்பித்தது. மூன்று தடவை போட்டது. மூன்று தடவையும் 627.

213-ஐ அடித்து, 231 என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன். அந்த அம்மா கையெழுத்துப் போட்டது. மறுநாள் நானே போய் மூன்று மீட்டரில் கல் நட்டேன். அடுத்த வாரத்தில் போர் மேல் பூட்டு விழுந்தது.

கணக்கில் பிழை விட்டது நீங்கள்தானே என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. கொழுந்தனார் ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். திருப்பி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பழுத்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம்.