பால் தண்ணீரும் முருகலட்சுமியும்

முருகலட்சுமிக்கு வாய் அதிகம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சாயல்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. எங்கே தோண்டினாலும் உவர்ப்புதான். குடிப்பதற்கு, தூரத்திலிருந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் ஒன்றுதான் கதி. அதுவும் மூன்று நாளைக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம். பதினோரு வருஷமாக மோட்டார் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிறவள் அவள். அந்த வேலையில் வாய் இல்லாதவளை ஊர் முழுங்கி ஏப்பம் விட்டிருக்கும்.

இந்தச் சித்திரையில் மேல்நிலைத் தொட்டியில் விரிசல் விழுந்து, பூச்சு வேலைக்காக அதை மூடினார்கள். அதுவரை தரைத் தொட்டியிலிருந்து மோட்டாரே நேராகத் தெருக் குழாய்களுக்குத் தண்ணீரைத் தள்ளட்டும் என்று ஏற்பாடு. ஒரு வாரம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை குழாயைத் திறந்தால், சடசடவென்று துப்பிக்கொண்டு வந்தது அத்தனையும் வெள்ளை. கறந்த பாலைத் தண்ணீர் விட்டுக் கலக்கிய மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டித்தான் தண்ணீர் பிடிப்போம். துணியைத் தாண்டியும் வெள்ளை போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. "பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிட்டா" என்று முதலில் கத்தியது வேறு யாருமில்லை, உமாமகேஸ்வரியாகிய நான்தான். கத்தியதோடு நிற்கவில்லை. இரண்டு குடத்தையும் வேப்ப மரத்தடியில் கவிழ்த்தேன். என்னைப் பார்த்துத் தெருவே கவிழ்த்தது. ராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்துவிட்டு குடிதண்ணீரைத் தரையில் ஊற்றினோம். நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் குடங்கள் எல்லாம் பச்சையும் சிவப்புமான பிளாஸ்டிக். உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது. வெள்ளையைக் கண்டதும் கொட்டினோமே தவிர, கொஞ்சம் வைத்துப் பார்ப்போம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அடுத்த முறையும் அதே பால். ஊராட்சி எழுத்தர் தர்மராஜிடம் புகார் போனது. அவர் ஊருக்கு வந்து தண்ணீரைப் பார்த்தாரா என்றால், இல்லை. ஆபீஸில் உட்கார்ந்தபடியே முடிவு கட்டினார். மூன்றாம் முறை தண்ணீர் விடும் காலையில், ஒரு வெள்ளைத் தாளோடு மோட்டார் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தார். நாங்களும் முப்பது பெண்கள் குடங்களோடு கூடிவிட்டோம். முருகலட்சுமி அப்போதுதான் மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"ஏம்மா முருகலட்சுமி, பவுடர் கூடிப்போச்சு, தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு மன்னிப்பு எழுதிக் குடு. விஷயத்தை இத்தோட முடிச்சிருவோம். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

"கூடிப்போச்சுன்னு யாரு அளந்தது சார்?"

"ஊரே சொல்லுதே."

"ஊரு சொல்லட்டும். பவுடரை வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கட்டும்னு காத்திருந்து, மேல இருக்கிற தெளிஞ்ச தண்ணியை மட்டும்தான் தொட்டியில ஊத்துறேன். பதினோரு வருஷமா அப்படித்தான். செய்யாத தப்புக்கு நான் எழுத மாட்டேன். தலையை வாங்கினாலும் எழுத மாட்டேன்."

"அப்போ இந்த வெள்ளை எங்கேருந்து வந்துச்சு?" என்று நான் கூட்டத்திலிருந்து கேட்டேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வா மதினி, உனக்குத்தான் காட்டணும். அந்த டீக்கடையில ரெண்டு கண்ணாடி கிளாஸ் வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். ஒரு கிளாஸில் வாசல் குழாயிலிருந்து பிடித்தாள். நுரைத்த வெள்ளை. இன்னொன்றில், முந்தின நாள் எடுத்துவைத்திருந்த தெளிந்த தண்ணீரை ஊற்றி, எங்கள் கண் முன்னால் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கலக்கினாள். அதுவும் வெள்ளை. இரண்டையும் மதில்மேல் வைத்தாள்.

"எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"கையை வைக்காம, பேசாமப் பாருங்க."

முப்பது பெண்கள் ஒரே இடத்தில் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில், கிளாஸின் அடியில் விரலகலம் தெளிந்தது. அந்தத் தெளிவு மேலே ஏறியது. வெள்ளை மேல்நோக்கி ஒதுங்கி ஒதுங்கி, ஒரு நிமிஷத்துக்கெல்லாம் முழுசாகக் காணாமல் போனது. அடியில் ஒரு துளி மண்டிகூட இல்லை. பவுடர் கிளாஸோ தலைகீழ். கலங்கியே கிடந்து, மெதுவாக மேலிருந்து தெளியத் தொடங்கியது. வெள்ளை அடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"சுண்ணாம்புன்னா கனம், கீழ உக்காரும். குழாய்ல வர்றது காத்து. கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடிக் குமிழி. அது மேல ஏறிப் போயிரும், அதான் அடியிலேருந்து தெளியுது" என்று சொல்லிவிட்டு, முதல் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"காத்து எப்படிம்மா தண்ணிக்குள்ள போகும்?" தர்மராஜ் விடவில்லை.

"உள்ள வாங்க சார், காட்டுறேன்."

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, தரைத் தொட்டியிலிருந்து மோட்டாருக்குத் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் இணைப்பருகே பிடித்தாள். மேலே போக வேண்டிய புகை வளைந்து, இணைப்பின் இடுக்குக்குள் போனது. வாசலில் எட்டிப் பார்த்த எங்களுக்கே தெரிந்தது.

"இந்த ரப்பர் இத்துப்போச்சு. உறிஞ்சுற பக்கம்கிறதால வெளிய ஒரு சொட்டு கசியாது. உள்ளதான் காத்தை இழுக்கும். மோட்டார் அமுக்குற அமுக்குல காத்து தண்ணியில கரைஞ்சிருது. குழாயைத் திறந்ததும் அமுக்கம் விட்டுப்போகுது, கரைஞ்ச காத்து பொரிஞ்சு வெளிய வருது. சோடா பாட்டிலைத் திறந்தா வருதே, அது மாதிரி. மேல்தொட்டி இருந்தா அங்கேயே காத்து பிரிஞ்சு போயிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சைக்கிள் டியூபைச் சுத்திப் பாத்துட்டேன், நிக்கல. ரப்பர் வேணும்னு ஆபீஸ்ல மூணு தடவை சொன்னேன். சொன்னேனா இல்லையா சார்?"

தர்மராஜ் வாசல் பக்கம் பார்த்தார். வாசலை நாங்கள் அடைத்துக்கொண்டு நின்றோம். நான் நகரவில்லை. என் குற்றத்துக்கு என்னால் முடிந்த பரிகாரம் அது.

"சரிம்மா, போகட்டும்" என்று தாளை மடிக்கப் போனார்.

"போகட்டும்னா எப்படி? எழுதித்தானே ஆகணும்? குடுங்க இங்கன."

தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மோட்டார் மேடைமேல் வைத்து, நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எழுதியதைச் சத்தமாக வாசித்தாள். "உறிஞ்சு குழாய் இணைப்பு ரப்பர் இற்றுவிட்டது. மூன்று முறை நேரில் சொல்லியும் வரவில்லை. அதனால் காற்று கலந்து தண்ணீர் வெள்ளையாக வருகிறது. ஜனங்கள் பயந்து குடிதண்ணீரைத் தரையில் கொட்டினார்கள். உடனே ரப்பர் வேண்டும்." கீழே தன் பெயரைப் போட்டாள். அப்புறம் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"பெற்றுக்கொண்டேன்னு போட்டு, தேதியோட கையெழுத்துப் போடுங்க சார். இவ்வளவு பேரு சாட்சி இருக்கோம்."

மன்னிப்பு வாங்க வந்த மனிதர், முப்பது குடங்களுக்கு நடுவே குனிந்து கையெழுத்துப் போட்டார்.