இல்லை என்று சொன்ன பிரெஞ்சு மெயில்

கற்பிட்டிக் களப்போரத்தில் ஒரு பிரெஞ்சுக்காரருக்குச் சொந்தமான விடுதியில் குசினியும் சமையலும் என் பொறுப்பு. காற்றில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று தண்ணீருக்கு மேலே பறப்பதற்காக வெளிநாட்டுக்காரர்கள் அங்கே வருவார்கள். முதலாளி பிரான்சில் இருப்பார். இங்கே எல்லாவற்றையும் பார்ப்பது மெனேஜர் மிஸ். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்குப் பிரான்சில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் மாதிரி ஓடும். தமிழ் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். மற்றவர்களைப் பார்த்து அவரும் என்னை, அக்கா என்கிற மாதிரி, ராத்தா என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்.

அந்த வருடம் பட்டக்காரர்கள் காத்திருக்கும் கச்சான் காற்று தொடங்குவதற்கு முன் விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. நிறையப் பேர் விண்ணப்பித்தார்கள். மிஸ் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினார், பிறகு முதலாளி பேசினார், கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒன்று சிலாபத்துப் பெண்பிள்ளை, கொழும்பில் பிரெஞ்சு படித்தவள். மற்றது இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த பிரெஞ்சுப் பையன். எங்கள் விடுதியில் கடைசி நேர்முகம் என்பது மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்பது அல்ல. வருகிறவர் ஒரு நாள் முழுக்க எங்களோடு வேலை செய்ய வேண்டும், பகல் சாப்பாட்டை எங்களோடு சாப்பிட வேண்டும். பிறகு மிஸ் எங்கள் எல்லாரிடமும் கேட்பார்.

சிலாபத்துப் பிள்ளை தன் நாளை முதலே முடித்துவிட்டுப் போயிருந்தாள். பிறகு வந்த அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. கையால் சோறு சாப்பிட்டான், தன் பீங்கானைத் தானே கழுவினான். சாப்பிடும்போது ஒரு விஷயம் சொன்னான். மிஸ்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். தெற்கில் ஒரு ஹோட்டலில் தன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை பகலுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ஆனால் மனம் இங்கேதான் இருக்கிறதாம்.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன் ஒரு விருந்தாளியின் காலைத் தண்ணீருக்குள் கிடந்த ஊரிச் சிப்பி வெட்டிவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. பையன்தான் துணியால் இறுக்கிக் கட்டி, அந்த மனிசியைக் கதை கொடுத்துச் சிரிக்க வைத்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். விடுதியில் படகு ஓட்டுகிறவரை நாங்கள் நானா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் கூடப் போனார். அங்கே நேர்ஸ் கேட்டது ஒன்றும் பையனுக்கு விளங்கவில்லை, பையன் சொன்னது நேர்ஸுக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் நானாதான் பேசித் தீர்த்தார். 'நான் இல்லாட்டி என்ன செஞ்சிருப்பாங்க' என்று அவர் திரும்பி வந்து கேட்டபோது நேர்ஸ் என்னென்ன கேட்டார் என்று மிஸ் ஒவ்வொன்றாக விசாரித்தார். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சிங்களமும் தமிழும் பேசுகிற சிலாபத்துப் பிள்ளைக்குத்தான் வேலை.

அன்றிலிருந்து எனக்கு நெஞ்சிடி பிடித்துக்கொண்டது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தென்றாலே பயம். எந்தக் கடிதம் வந்தாலும் யாரோ மவுத்து, சாவுச் செய்தி என்றுதான் முதலில் நினைப்பேன். அந்தப் பையனுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது, அவன் தெற்கில் உள்ளதையும் விட்டுவிட்டு நின்றால் என்ன செய்வான் என்று உப்புப் போட்ட கறிக்குத் திரும்பவும் உப்புப் போட்டேன்.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வதில்லை. சில வருடங்களுக்கு முன் என் மகளைப் பார்க்க ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வட்டலப்பம் சாப்பிட்டார்கள், பிள்ளையின் தலையைத் தடவினார்கள், 'பதில் செல்லி அனுப்புறோம்' என்று போனார்கள். ஒன்றும் வரவில்லை. வராவிட்டால் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் முறை. அது மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று மீன்காரர்தான் வந்து சொன்னார்.

வியாழக்கிழமை காலை மிஸ் மடிக்கணினியைக் குசினி மேசைக்குக் கொண்டுவந்தார். ஒபிஸில் நெட் சரியில்லை, குசினியில்தான் பிடிக்கும். நானா தேத்தண்ணீருக்காக வந்து நின்றார்.

"பெடியனுக்கு எழுதப்போறன்," என்றார் மிஸ்.

"எழுதாதீங்க மிஸ்," என்றேன் நான். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "பாவம். பேசாம உட்டா அவருக்கே வெளங்கிடும்."

"நாளைக்குப் பகல் அவர் மற்ற இடத்துக்குப் பதில் சொல்ல வேணும் ராத்தா. நான் பேசாமல் இருந்தால் அவர் எங்களை நம்பி அதை விட்டிடுவார்."

நானா தேத்தண்ணீரை ஊதினார். "வேலையே இல்லாமப் போச்சிண்டு செல்லுங்க மிஸ். யாருக்கும் வெக்கமில்ல."

"பிறகு எங்கட பேஸ்புக் பேஜில சிலாபத்துப் பிள்ளையின்ர படத்தைப் பார்ப்பாரே."

"படத்தப் போடாதீங்க."

"அப்ப அந்தப் பிள்ளைய அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுவமோ நானா?"

நானா சிரித்துவிட்டார். ஆனால் மிஸ் உடனே எழுதவில்லை. சிலாபத்துப் பிள்ளை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை. அது வராமல் பையனுக்கு இல்லை என்று சொல்லி, பிறகு அவளும் வராவிட்டால் இரண்டு பேரும் இல்லாமல் போவார்கள். இதற்காகத்தான் எல்லாரும் மற்ற ஆளுக்கு ஒன்றும் சொல்லாமலே காக்க வைப்பார்கள் என்றார். அதைச் சொல்லிவிட்டுப் போனை எடுத்து அவளையே கூப்பிட்டார். 'ஒரு ஆள் உங்கட பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், யோசிக்க வேணுமெண்டால் யோசியுங்கோ, ஆனால் யோசிக்கிறீங்களெண்டதை எனக்குச் சொல்லுங்கோ' என்றார். நான் வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் ஒப்பந்தம் வந்துவிட்டது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு அனுப்ப மறந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினார். எழுத எழுத எனக்கும் தமிழில் சொன்னார். முதலாளியின் கம்பனியில் இதற்கென்று ஒரு அச்சுக் கடிதம் இருக்கிறதாம். நன்றி, உங்கள் தகுதி எங்களைக் கவர்ந்தது, ஆனால் துரதிர்ஷ்டவசமாக, உங்கள் விபரங்களை வைத்திருப்போம், கடைசியில் 'இனிமேலும் நன்றாகத் தொடருங்கள்' என்று ஒரு வாழ்த்து. பெயரை மட்டும் மாற்றினால் போதும். மிஸ் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மேல நிறையப் புகழ்ந்துபோட்டுக் கீழ 'ஆனால்' எண்டால், புகழ்ந்ததும் பொய்யாப் போயிடும் ராத்தா. அந்தக் கடைசி வாழ்த்து, பிரான்சில கதவு சாத்திற சத்தம். வேலை தேடின எல்லாருக்கும் அது தெரியும்."

முதல் வரியில் வந்ததற்கு நன்றி என்றார். இரண்டாவது வரியிலேயே, இந்த வேலைக்கு வேறொருவரைத் தெரிவுசெய்திருக்கிறோம் என்று போட்டார்.

"இவ்வளவு கெதியாவா மிஸ்?"

"அவர் போனைத் திறந்ததும் அதைத்தான் தேடுவார். தேட விடக்கூடாது."

அன்று வேலை செய்யும்போது அவனோடு பிரெஞ்சில் நீ என்றுதான் பேசினாராம். இப்போது நீங்கள் என்று எழுதினால் ஒரு எட்டுப் பின்னால் போய் நிற்கிற மாதிரி இருக்கும் என்று நீ என்றே எழுதினார். பிறகு அந்த மனிசியின் காலைக் கட்டியதையும், அவளைச் சிரிக்க வைத்ததையும் எழுதினார். அது வேறு யாருக்கும் அனுப்ப முடியாத வரி, இவனுக்கு மட்டுந்தான் என்றார். பிறகு காரணம்: ஆஸ்பத்திரியிலும் மீன்காரரோடும் படகுக்காரரோடும் பேச இந்த நாட்டுப் பாசை வேண்டும்.

நானா தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்தார். "அவருக்குச் சிங்களம் தெரியாதெண்டு மொதல்லயே தெரியுந்தானே மிஸ். அப்ப என்னத்துக்குக் கடசி வரைக்கும் கூப்பிட்டீங்க?"

நான் நானாவை முறைத்தேன். ஒரு மெனேஜரிடம் இப்படிக் கேட்கலாமா? மிஸ்ஸின் கை நின்றுவிட்டது. வெளியே காயப்போட்ட சாரங்கள் காற்றில் கொடியில் அடித்துக்கொண்டன. கோபம் வரப்போகிறது என்று நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"நீங்கள் சொல்லுறது சரி," என்றார் மிஸ். திரும்பவும் தட்டத் தொடங்கினார். எழுதியதை எங்களுக்குச் சொன்னார். 'இந்த வேலைக்குப் பாசை எவ்வளவு தேவை என்பது உன்னோடு இருந்த அந்த நாளில்தான் எங்களுக்கே விளங்கியது. தொடக்கத்திலேயே நாங்கள் அதைத் தெரிந்து சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் பிழை, உன்னுடையது அல்ல.'

ஒரு மெனேஜர் வேலை கேட்டு வந்தவனிடம் எங்கள் பிழை என்று எழுதியதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நானாவும் கேள்விப்பட்டிருக்கமாட்டார். எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவி வைத்தார். அவர் கோப்பை கழுவி நான் பார்த்தது அன்றுதான்.

'உங்கள் விபரங்களை வைத்திருப்போம்' என்ற வரியை மிஸ் போடவில்லை. வேறு வேலை ஒன்றும் வரப்போவதில்லை, பிறகு ஏன் போடுவது என்றார். பேச விரும்பினால் கூப்பிடு, விரும்பாவிட்டாலும் எனக்கு விளங்கும் என்று தன் நம்பரை மட்டும் கீழே போட்டார். "நேர போன்ல கூப்பிட்டே செல்லலாமே," என்று கேட்டேன்.

"போனில சொன்னால் உடன 'பரவாயில்லை' எண்டு குரலைச் சரிசெய்ய வேணும். தனிய இருந்து வாசிக்கட்டும். முகம் எப்பிடிப் போனாலும் ஒருத்தரும் பார்க்கமாட்டினம்."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் ஏதும் சொல்லப்போறீங்களோ?" என்றார். சாப்பிட வரச்சொல்லுங்க என்றேன். அதையும் போட்டார்.

அனுப்பிய பிறகு நான் மூன்று தரம் போய்ப் பதில் வந்ததா என்று கேட்டேன். அவன் அழுகிறானோ, ஏசுகிறானோ, கடலில் குதித்துவிட்டானோ. பகல் சாப்பாடு முடிந்து சட்டி கழுவும்போது மிஸ்ஸின் போன் அடித்தது. அவன்தான். எங்களுக்கும் கேட்க மிஸ் சத்தத்தைக் கூட்டி வைத்தார். பிரெஞ்சில் நீளமாகப் பேசினான். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, உடையவில்லை. போனை வைத்ததும் நான் கையைக்கூடத் துடைக்காமல் நின்றேன்.

"கவலைதானாம்," என்றார் மிஸ். "தெற்கில உள்ளவைக்கு இப்பவே ஓம் எண்டு சொல்லப்போறாராம். பிரான்சில எத்தினையோ இடத்துக்குப் போட்டாராம், கனபேர் பதிலே அனுப்பேல்லையாம். அங்கயும் அப்பிடித்தான் ராத்தா, உங்கட ஊரில மட்டுமில்லை. அந்த மனிசிக்குக் கால் காயம் மாறிட்டுதோ எண்டு கேட்டார்."

"சாப்பாட்டப் பத்தி?"

"மீன் ஆணமும் சம்பலும் வேணுமாம். லீவு கிடைச்சதும் வருவாராம்."

அன்று வீட்டுக்குப் போய் இதை மகளிடம் சொன்னேன். அதற்குள் அவளுக்கும் வேறு இடத்தில் கலியாணம் முடிந்து கைக்குழந்தை இருந்தது. பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள். அந்த முதல் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"காரணம் போட்டாங்களா உம்மா?"

"ஓம். காரணமும் போட்டாங்க. பிழை எங்கடதெண்டும் போட்டாங்க."

பிள்ளையின் கடைசிப் பொத்தானையும் பூட்டி முடித்தாள்.

"எனக்கும் யாராவது அப்பிடி அனுப்பியிருந்தா," என்றாள், "அந்த நோன்புப் பெருநாளைக்கு அந்த ஊதாச் சட்டையத் தெச்சிருக்கமாட்டேன். எனக்கு ஊதா புடிக்கவே புடிக்காது. அந்த மாப்பிள்ளட உம்மாக்குத்தான் புடிக்குமெண்டாங்க."