பெறுநர் யாருங்க?

இணையத்தில் நான் நடத்திய சமையல் சேனலை ஒரே மின்னஞ்சலில் நீக்கிவிட்டார்கள். ஸ்பேமும் ஏமாற்று வேலையும் செய்தேனாம். வெள்ளிமலையில் சாமை வாங்கி வந்து சோறு வடித்துக் காட்டியதில் யாரை ஏமாற்றினேன்? எந்த வீடியோ என்றுகூடச் சொல்லவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கும், எழுதிக் கேட்டால் திருத்திவிடுவார்கள் என்று நம்பினேன். கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் மனு டைப் அடிக்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வழக்கம்போல் 'அனுப்புநர்' என்று ஆரம்பித்து என் முகவரியை அடித்தார். அதோடு கை நின்றது.

"பெறுநர் யாருங்க?"

"தெரியலீங்க. கம்பெனின்னு போடுங்க."

"யாருக்குனு இல்லாம இன்னா மனு இது?"

கடைசியில் 'உயர்திரு ஐயா அவர்களுக்கு' என்று போட்டு, பணிவும் வணக்கமுமாக ஒரு பக்கம் அடித்து, அந்த மின்னஞ்சலில் இருந்த மேல்முறையீட்டுப் படிவத்தைக் கணினியில் திறந்து அதன் கட்டத்தில் ஒட்டினார். எழுத்து அதிகம் என்று சிவப்பில் காட்டியது.

"அந்த ஐயாவை எடுத்துடுங்க," என்றேன்.

"மரியாதை இல்லாம போட்டா படிக்கவே மாட்டாங்க."

ஐயாவை வைத்துக்கொண்டு என் சாமைச் சோற்றை வெட்டினார். நான் என்ன சமைத்தேன் என்பதே அதில் இல்லாமல் போனது. அப்படியே அனுப்பினோம்.

பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் போனில் பதில் வந்துவிட்டது. கவனமாகப் பரிசீலித்தார்களாம், நீக்கியது நீக்கியதுதானாம். திரும்பி வந்து அவரிடம் காட்டினேன். படித்து முடித்த பிறகும் போனைத் தராமல் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"இன்னாங்க தேடறீங்க?"

"கையெழுத்தை," என்றார்.