அண்ணியிடம் சொல்வதற்கு முன்

திருத்தணியில் ஒருவரோடு உட்கார்ந்து காபி குடித்தால், காபி ஆறுவதற்குள் அத்தை வீட்டுக்குச் செய்தி போய்விடும். அதனால் நாங்கள் அரக்கோணத்தில் சந்தித்தோம். அண்ணி கொண்டுவந்த வரன்தான். பேசிப் பார்த்துவிட்டுத்தான் ஜாதகம் என்று நான் சண்டை போட்டு வாங்கிய அனுமதி.

ஒவ்வொரு சந்திப்பும் முடிந்து திரும்பும் ரயிலிலேயே செல்போனில் குறிப்பு எழுதிவிடுவேன். வீட்டு வாசலில் அண்ணி, "எப்டிகீறாரு? புடிச்சிகீதா?" என்று நிற்பார். "நல்லவருதான்" என்று ஒருமுறை வாய்விட்டால், பிறகு எனக்கே அதுதான் என் மனசு என்று ஆகிவிடும். முதலில் உடம்பு: வயிறு கலங்கியதா, தோள் இறுகியதா, மணி பார்த்தேனா. அப்புறம் நடந்தது மட்டும். கடைசியில்தான் அபிப்பிராயம். 'பிடித்திருக்க வேண்டும்', 'இந்த வயசில் இதற்கு மேல் என்ன' என்று வரும் வரிகளை அழிக்காமல் அடியில் தனியாக ஒதுக்கி வைப்பேன். அவை ஊராரின் குரல்.

நான்காவது சந்திப்பில் அவர் பதில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். குறிப்புகளை முதல் முறையாக ஒன்றாக வைத்துப் படித்தேன். 'தோள் லேசாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.' எல்லா நாளும் அப்படித்தான். அப்பாடா, பிடித்துத்தான் இருக்கிறது என்று நினைத்தபோது ஒரு வரி தடுத்தது. 'டீயை இரண்டு முறை ஊதிக் குடித்தார். மிச்சத்தை என் டம்ளரில் ஊற்றினார்.'

அவர் டீயே குடிப்பதில்லை. அன்று நாங்கள் குடித்தது கரும்புச் சாறு.

டீயை ஊதிக் குடித்தவர் பாவா. எனக்குப் பேசி முடித்திருந்த மாமன் மகன். கல்யாணத்துக்கு முன்பே ஆர்.கே.பேட்டை சாலையில் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்தவர். மற்றக் குறிப்புகளைப் புரட்டினேன். பேசும்போது மூக்கைத் தேய்த்தது, சட்டைக் கையை மடித்துவிட்டது, எல்லாம் பாவா. நான் சிரித்த இடமெல்லாம் பாவா. எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றி மிஞ்சியது 'நல்லவர்' என்ற சொல் மட்டும். அதுவும் அடியில் ஒதுக்கி வைத்த வரிகளில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அவரிடமே சொல்லி, வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

"அப்போ இத்தினி நாளா யாரு கூட பேசிகினு இருந்தீங்க?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"செத்துப்போனவரு கூட" என்றேன்.

எழுந்து, எப்போதும் போல ஸ்டேஷன் வரை வந்து ரயிலேற்றிவிட்டுப் போனார்.

செல்போனை எடுத்தேன். உடம்பு: மூச்சு சீராக இருக்கிறது. பசிக்கிறது. நடந்தது: வேண்டாம் என்று சொன்னேன். 'ஒரு நல்ல மனிதரை நோகடித்ததற்கு அழ வேண்டும்' என்று வந்த வரியை அடியில் ஒதுக்கினேன். அழுகை வரவில்லை. பிறகு உள்ளதை எழுதினேன்: நிம்மதியாக இருக்கிறது. இனி பாவாவோடு தனியாக இருக்கலாம்.

படித்துப் பார்த்ததும் பயந்துபோனேன். எழுதிய கை என்னுடையதுதானா என்று பார்த்தேன்.

கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் வந்து, என் பக்கத்து இருக்கையில் நான் வைத்திருந்த கைப்பையைக் காட்டினார். "இங்க யாருனா வராங்களாம்மா?"

பையை எடுக்காமல், "ஆங், வராரு" என்றேன்.